பேட்டரி சேவர்: எதை அணைக்கிறது, எப்போது காலை வாரிவிடும்

சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியதும் போன் கேட்கும்: பேட்டரி சேவரை ஆன் செய்யவா? பெரும்பாலோர் யோசிக்காமல் சரி என்று தட்டிவிடுகிறோம். போன் கூடுதல் நேரம் உயிரோடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது எந்தெந்த வேலையை விட்டுவிட்டது என்று நம்மிடம் சொல்வதில்லை.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்யப்போவது மூன்று வேலைகள். உங்கள் போனின் சேவர் எதையெல்லாம் நிறுத்துகிறது என்று பார்க்கப்போகிறீர்கள். அது உண்மையா என்று அரை மணி நேரம் ஒதுக்கிச் சோதிக்கப்போகிறீர்கள். பிறகு, எப்போது ஆன் செய்வது, எப்போது தொடவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்யப்போகிறீர்கள்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். நீங்கள் போனைப் பார்க்காதபோது அது பின்னணியில் செய்யும் வேலைகளைத்தான் சேவர் முதலில் வெட்டும். அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவதே அப்படியொரு வேலை என்றால், சேவர் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

எவை நிற்கின்றன

ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2014-ல் வந்த 5.0 பதிப்பிலும், ஐபோனில் 2015-ல் வந்த ஐஓஎஸ் 9-லும் அறிமுகமானது. பெயரும் விவரமும் போனுக்குப் போன் மாறும். ஆனாலும் அடிப்படையில் கை வைக்கும் இடங்கள் இவைதான்.

1. பின்னணி வேலை. நீங்கள் திறக்காத செயலிகள் தாமாக இணையத்துக்குப் போய்ப் புதிய செய்தி, மெயில், காலண்டர் மாற்றம் எடுத்துவருவது குறையும் அல்லது நிற்கும். செயலியைத் திறந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். மிச்சமாகும் சார்ஜில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

2. திரை அணைந்தபின் இருப்பிடம். பல ஆண்ட்ராய்டு போன்களில் சேவர் ஆனில் இருக்கும்போது திரை அணைந்தால் ஜிபிஎஸ் கேட்பது கட்டுப்படுத்தப்படும். சிலவற்றில் அடியோடு நின்றுவிடும். அதிகம் பேர் அறியாததும், அதிகம் தொல்லை தருவதும் இதுதான்.

3. படங்களின் பேக்கப். எடுத்த படங்கள் கிளவுடுக்குப் போவது தள்ளிப்போடப்படும். ஐபோனில் ஐகிளவுட் படங்கள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்.

4. வேகம். பிராசஸரின் உச்ச வேகம் குறைக்கப்படும். சாம்சங் போன்களில் இதை 70 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தனியாகவே இருக்கும். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் போன்களில் அது பொதுவாக 60-க்கு இறங்கும்.

5. திரை சார்ந்தவை. எப்போதும் நேரம் காட்டும் திரை அணையும். பல ஆண்ட்ராய்டு போன்கள் டார்க் மோடுக்கு மாறும். ஐபோனில் கை படாமல் 30 நொடி போனால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

6. 5ஜியும் குரல் கட்டளையும். ஐபோனில் வீடியோ போன்ற சில வேலைகள் தவிர மற்றவற்றுக்கு 5ஜி நிறுத்தப்படும். பிக்சல் போன்ற ஆண்ட்ராய்டு போன்களில் "ஹே கூகுள்" என்று கூப்பிட்டால் பதில் வராது.

எவை நிற்பதில்லை

போன் அழைப்பு வரும், போகும். எஸ்எம்எஸ் வரும். ஆகவே வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஓடிபிக்குத் தடையில்லை. மெயிலுக்கு வரும் ஓடிபி என்றால் மெயில் செயலியை நீங்களே திறந்து, திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். போனோடு வந்த கடிகாரச் செயலியில் வைத்த அலாரம் வழக்கம்போல் அடிக்கும். அவசர எண் 112-க்கு அழைப்பதிலும் மாற்றமில்லை.

சார்ஜை அதிகம் தின்னும் இரண்டு விஷயங்களையும் சேவரால் பெரிதாக அடக்க முடியாது. ஒன்று, எரிந்துகொண்டிருக்கும் திரை. பிரகாசத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, நீங்கள் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தால் அதற்கான சார்ஜ் போகத்தான் செய்யும். மற்றொன்று, பலவீனமான சிக்னல். டவர் தொலைவில் இருந்தால் போன் தன் ரேடியோவின் திறனை ஏற்றிக்கொண்டே போகும், விட்டுப்போன டவரை மறுபடி மறுபடி தேடும். மலைப்பாதையிலோ கான்கிரீட் கட்டடத்தின் தரைக்கீழ்த் தளத்திலோ சார்ஜ் கரைந்தால் அங்கே சேவரை நம்பிப் பயனில்லை. அழைப்பு எதையும் எதிர்பார்க்காத நேரம் என்றால் ஏரோப்ளேன் மோட் போடுங்கள். அதுதான் மருந்து.

உங்கள் போனில் எங்கே இருக்கிறது

1. பிக்சல் போன்ற ஆண்ட்ராய்டு போன்களில் Settings > Battery > Battery Saver. தானாக எப்போது ஆன் ஆக வேண்டும் என்ற அட்டவணையும் அதே பக்கத்தில் இருக்கும்.

2. சாம்சங்கில் Settings > Battery > Power saving. சற்றுப் பழைய மாடல்களில் Battery and device care என்பதற்குள் இருக்கும். எதெதை நிறுத்த வேண்டும் என்று தனித்தனிச் சுவிட்சுகள் தெரியும். அவற்றை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

3. ஐபோனில் Settings > Battery என்பதற்குள் Low Power Mode. ஆனில் இருந்தால் மேலே பேட்டரிச் சின்னம் மஞ்சளாக மாறும். சார்ஜில் போட்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் தானாக அணைந்துவிடும்.

4. பெயரோடு Extreme, Ultra, Maximum என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு நிலையும் உங்கள் போனில் இருக்கலாம். அது வேறு ரகம். நீங்கள் தேர்ந்தெடுத்த சில செயலிகள் தவிர மற்றவற்றை உறைய வைத்துவிடும். உறைந்த செயலியிலிருந்து அறிவிப்பே வராது. அந்தப் பட்டியலை அவசரம் வரும் முன்பே, நிதானமாக இருக்கும்போது நிரப்பி வையுங்கள்.

> குறிப்பு: பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜர் செருகியிருக்கும்போது சேவர் இயங்காது. பொத்தான் மங்கிக் கிடந்தால் போனில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அரை மணி நேரச் சோதனை

ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால், யாரோ சொன்னதை நம்புவதைவிட உங்கள் போனையே கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் இன்னொரு போன் இருந்தால் போதும்.

1. சார்ஜரைக் கழற்றுங்கள். சேவரைக் கையால் ஆன் செய்யுங்கள். சார்ஜ் 70 சதவீதம் இருந்தாலும் பரவாயில்லை.

2. வாட்ஸ்அப்பில் அந்த இன்னொரு போனுக்கு லைவ் லொகேஷன் அனுப்புங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். 1 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. திரையை அணைத்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் தெருவில் நடந்து வாருங்கள். இடையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். பார்த்தால் திரை எரியும், சோதனை கெட்டுவிடும்.

4. வீட்டில் இருப்பவர் வரைபடத்தில் புள்ளி நகர்கிறதா என்று பார்க்கட்டும். கடைசியாக எத்தனை மணிக்குப் புதுப்பித்தது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும்.

5. திரும்பி வந்து போனைப் பூட்டிய நிலையிலேயே மேசையில் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து அதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு மெயில், ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். எது உடனே வந்தது, எது திரையைத் திறந்தபிறகு வந்தது என்று எழுதி வையுங்கள்.

புள்ளி நடந்து வந்திருந்தால் உங்கள் போனின் சேவர் இருப்பிடத்தில் கை வைப்பதில்லை. புள்ளி வாசலிலேயே நின்றிருந்து, நீங்கள் திரையைத் திறந்ததும் தாவியிருந்தால் கை வைக்கிறது. செய்திகளில் எஸ்எம்எஸ் உடனே வந்திருக்கும். வாட்ஸ்அப் பெரும்பாலும் உடனே வரும். அவசரச் செய்திகளைத் தூங்கும் போனுக்கும் கொண்டுசேர்க்கத் தனி வழி இருக்கிறது, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. மெயில்தான் பின்தங்க வாய்ப்பு அதிகம்.

சிஸ்டம் அப்டேட் வந்தால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்டேட்டோடு சேவரின் நடத்தையும் மாறக்கூடும்.

காலை வாரிவிடும் நான்கு இடங்கள்

*ஒன்று: வழிகாட்டலும் இருப்பிடப் பகிர்வும்*

பைக்கில் போகிறவர் காதில் ஒரு இயர்போனை மாட்டி, திரையை அணைத்து, கூகுள் மேப்ஸின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். சார்ஜ் 20-ஐத் தொட்டுச் சேவர் தானாக ஆன் ஆகிவிட்டால் சில போன்களில் குரல் நின்றுவிடும். திரும்ப வேண்டிய இடம் தாண்டிப்போன பிறகுதான் தெரியவரும். உணவு கொண்டுசேர்க்கும் வேலையில் இருப்பவர், காலையில் ஓடும்போது தூரத்தைப் பதிவு செய்பவர், வீட்டாருக்கு லைவ் லொகேஷன் அனுப்பியவர் எல்லோருக்கும் இதே கதைதான். ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. வரைபடத்தில் உங்கள் பாதை தெருவோடு வளையாமல், வீடுகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடியிருக்கும்.

*இரண்டு: பெரிய வேலையைச் செய்து முடிப்பது*

வீடியோவைச் சுருக்கவோ ஐம்பது படங்களை அனுப்பவோ வேண்டியிருக்கிறது, சார்ஜ் குறைவாக இருக்கிறது, ஆகவே சேவரைப் போட்டுக்கொண்டு செய்வோம் என்று தோன்றும். இங்கே கணக்கு தலைகீழாகப் போகலாம். வேகம் குறைந்தால் வேலை முடிய நேரமாகும். திரை அணைந்தால் அனுப்புவது நின்றுவிடுகிறதே என்று நாம் திரையைத் தொட்டுத் தொட்டு எரியவிடுவோம். சிறு தீயில் வைத்த உலை கொதிக்கும்வரை சமையலறை விளக்கையும் எரியவிட்டது போல, மிச்சம் பிடித்த இடத்தைவிடக் கூடுதலாக இன்னோர் இடத்தில் செலவாகிவிடும். எனவே பெரிய வேலையைச் சேவர் இல்லாமல், நல்ல சிக்னல் அல்லது வைஃபை உள்ள இடத்தில், ஒரே மூச்சில் முடியுங்கள். முடிந்ததும் சேவரைப் போடுங்கள்.

*மூன்று: வெயிலில் டார்க் மோட்*

சேவர் டார்க் மோடைப் போட்டுவிடும். நடுப்பகலில், தெருவில், கருப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்தைப் படிக்க முடியாது. உடனே பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றுவோம். ஓலெட் திரையில் கருப்பு இடத்துக்கு மின்சாரம் ஏறக்குறைய செலவாகாது என்பது உண்மை. ஆனால் எழுத்தும் படமும் உச்ச பிரகாசத்தில் எரிந்தால் அந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். எல்சிடி திரையில் லாபமே இல்லை, ஏனென்றால் கருப்பு தெரியும்போதும் பின்விளக்கு முழுவதும் எரிகிறது. உங்களுடையது எது என்று பார்க்க, இருட்டறையில் முழுக் கருப்பான ஒரு படத்தைத் திரை நிறையத் திறந்து வையுங்கள். திரை சாம்பலாக ஒளிர்ந்தால் அது எல்சிடி. வெயிலில் படிக்க வேண்டியிருந்தால் டார்க் மோடை மட்டும் அணைத்து, நிழலில் நின்று, பிரகாசத்தைப் பாதியில் வைத்துப் படியுங்கள்.

*நான்கு: போனைத் தொலைக்கும் நாள்*

சுற்றுலா நாட்களில்தான் சார்ஜ் வேகமாகத் தீரும். சேவர் பகல் முழுவதும் ஆனில் இருக்கும். படம் எடுப்பதும் அந்த நாட்களில்தான் அதிகம். பேக்கப் நின்றிருப்பதால், மாலையில் போன் தொலைந்தால் அன்று எடுத்த படங்களும் அதோடு போகும். இரவு அறைக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு, வைஃபையில் இணைத்து, படங்களின் செயலியைத் திறந்து பேக்கப் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சார்ஜில் போட்டால் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஐபோனில் 80 சதவீதம் ஆகும்வரை சேவர் ஆனிலேயே இருக்கும். நீங்களே அதை அணைத்துவிடுங்கள்.

ஒரு இரவுப் பயணம்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிளாம்பாக்கத்திலிருந்து இரவு 9 மணிக்குத் திருநெல்வேலி பஸ் ஏறுகிறார் ஒரு பெண். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் 8 மணி நேர லைவ் லொகேஷன் அனுப்பியாயிற்று. போனில் சார்ஜ் 35 சதவீதம். சேவர் 20-ல் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறார். பவர் பேங்க் இல்லை.

முதல் இரண்டரை மணி நேரம் எல்லாம் சரியாக நடக்கிறது. தம்பியின் வரைபடத்தில் புள்ளி செங்கல்பட்டு, திண்டிவனம் என்று நகர்கிறது. விழுப்புரம் பக்கம் வரும்போது சார்ஜ் 20. சேவர் ஆன் ஆகிறது. அக்கா தூங்கிவிட்டார், திரை அணைந்திருக்கிறது. புள்ளி விழுப்புரத்திலேயே நின்றுவிடுகிறது.

இரவு 2 மணிக்குத் தம்பி விழித்துப் பார்க்கிறான். பஸ் திருச்சியைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம், ஆனால் வரைபடம் விழுப்புரத்தைக் காட்டுகிறது. பஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டையே எழுப்புகிறான்.

அவன் பார்க்கத் தவறியது புள்ளியின் அருகே இருக்கும் நேரத்தை. கடைசியாகப் புதுப்பித்தது இரண்டரை மணி நேரத்துக்கு முன் என்றால், பஸ் நின்றுவிட்டது என்று பொருளில்லை, போன் சொல்வதை நிறுத்திவிட்டது என்றுதான் பொருள். பஸ் உண்மையிலேயே நின்றிருந்தால் புள்ளி அதே இடத்தில் இருக்கும், நேரம் மட்டும் புதுப்பித்துக்கொண்டே வரும். இந்த வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்றே காட்டிக்கொடுங்கள். அடுத்து அவன் செய்ய வேண்டியது ஒரு சாதாரண போன் அழைப்பு. சேவர் ஆனில் இருந்தாலும் மணி அடிக்கும்.

அதே 35 சதவீதத்தை வைத்து இந்தப் பயணத்தை இப்படித் திட்டமிடலாம்.

1. பஸ் ஏறியதும் பஸ்ஸின் பதிவெண்ணையும் டிக்கெட்டின் படத்தையும் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். இரவு முழுவதும் லைவ் லொகேஷன் அனுப்புவதைவிட இதற்குச் சார்ஜும் குறைவு, ஆபத்து என்றால் பயனும் அதிகம்.

2. லைவ் லொகேஷனை இப்போது தொடங்க வேண்டாம். சேவரை 35 சதவீதத்திலேயே கையால் ஆன் செய்யுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்தாலும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வரும்.

3. பஸ் மதுரையை நெருங்கும் நேரத்தைக் கணித்து அலாரம் வையுங்கள். போனோடு வந்த கடிகாரச் செயலியிலேயே வையுங்கள். ஒலி அளவைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

4. விழித்ததும் சேவரை அணையுங்கள். தானாக ஆன் ஆகும் அட்டவணையையும் நிறுத்துங்கள். இதை மறந்தால் 20-ல் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

5. டேட்டாவை ஆன் செய்து லைவ் லொகேஷனைத் தொடங்குங்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம்தான். பிரகாசத்தைக் குறைத்துத் திரையை அணைத்து வையுங்கள்.

6. "மதுரை தாண்டிவிட்டது, சார்ஜ் இவ்வளவு இருக்கிறது" என்று ஒரு எஸ்எம்எஸ். புள்ளி நின்றாலும் தம்பிக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

முதல் திட்டத்தில் பகிர்வும் சேவரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. இரண்டாவதில் இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கினோம். தூங்கும் நேரம் சேவருடையது, யாராவது காத்திருக்கும் நேரம் பகிர்வுடையது.

பாதுகாப்பு

- குளுக்கோஸ் சென்சார். தோலில் ஒட்டிய சென்சாரிலிருந்து போனுக்கு அளவு வந்து, சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கும் செயலியை வைத்திருப்பவர்கள் இரவில் சேவரைப் போட வேண்டாம். அந்தச் செயலி பின்னணியில் விடாமல் ஓடினால்தான் எச்சரிக்கை வரும். போனைத் தலைமாட்டில் உள்ள மேசையில் சார்ஜில் போட்டுத் தூங்குங்கள்.

- கைக்கடிகாரம். ஆப்பிள் வாட்ச்சிலும் Low Power Mode உண்டு. அதை ஆன் செய்தால் பின்னணியில் இதயத்துடிப்பைப் பார்ப்பதும், துடிப்பு மிகக் கூடினாலோ குறைந்தாலோ எச்சரிப்பதும் நின்றுவிடும். இதயநோய் உள்ள பெரியவருக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

- மாத்திரை நினைவூட்டல். தனிச் செயலியில் வைத்த நினைவூட்டல் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். நேரம் தவறக் கூடாத மாத்திரைக்குக் கடிகாரச் செயலியில் ஒரு அலாரமும் வைத்துவிடுங்கள்.

- வண்டி ஓட்டும்போது. வழிகாட்டும் குரல் நின்றுவிட்டால் ஓட்டிக்கொண்டே போனை நோண்ட வேண்டாம். ஓரமாக நிறுத்தி, சேவரை அணைத்து, வழியை மறுபடி தொடங்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. சேவர் அணைந்தும் தடை நீங்காமல் இருப்பது. செயலிக்குச் செயலி வைக்கும் கட்டுப்பாடு வேறு, சேவர் வேறு. சாம்சங்கில் Deep sleeping apps பட்டியலில் போய் உட்கார்ந்த செயலி, சேவரை அணைத்தாலும் சார்ஜ் 100 இருந்தாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் செயலியின் பேட்டரிப் பக்கத்தில் Restricted என்று இருந்தாலும் இதே நிலைதான். "எனக்கு மட்டும் அறிவிப்பே வருவதில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். முக்கியமான செயலியைச் சாம்சங்கில் Never sleeping apps பட்டியலுக்கும், மற்றவற்றில் Unrestricted என்பதற்கும் மாற்றுங்கள். அப்படி மாற்றும் செயலிகள் மூன்று, நான்குக்கு மேல் போக வேண்டாம்.

2. செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவது. சேவரைப் போட்டுவிட்டு, சமீபத்தில் திறந்த செயலிகளையும் விரலால் தள்ளி மூடுகிறோம். மூடிய செயலியை அடுத்தமுறை திறக்கும்போது போன் அதை முதலிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். அதற்கும் சார்ஜ் போகும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

3. ஆண்டு முழுவதும் ஆனில் வைப்பது. இதனால் போன் பழுதாகாது. ஆனால் மெயில் தாமதம், பேக்கப் தாமதம், செயலிகளின் அப்டேட் தாமதம் எல்லாம் சேர்ந்து, கோளாறு எங்கே என்று தெரியாமல் அலைவீர்கள். சாதாரண நாளிலேயே மாலைவரை சார்ஜ் நிற்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது பேட்டரியின் வயதை.

4. பழைய பேட்டரிக்கு 20 சதவீதம் வரை காத்திருப்பது. நாள்பட்ட பேட்டரி 15, 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டே சட்டென்று அணைந்துவிடும். கேமராவைத் திறந்த நொடியில் அணைந்தால் அதுவே அடையாளம். அப்படிப்பட்ட போனில் சேவர் 30 அல்லது 40-ல் ஆன் ஆகும்படி அட்டவணையை மாற்றுங்கள். நேரம் கிடைக்கும்போது பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

ஆன் செய்யும் முன் மூன்று கேள்விகள்

1. அடுத்த சில மணி நேரத்தில், திரை அணைந்திருக்கும்போது என் போன் செய்தாக வேண்டிய வேலை ஏதாவது உண்டா? வழிகாட்டல், இருப்பிடப் பகிர்வு, உடல்நல எச்சரிக்கை, மெயிலுக்கான காத்திருப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் சேவரைப் போட வேண்டாம். பிரகாசத்தைக் குறையுங்கள், 5ஜியை 4ஜிக்கு மாற்றுங்கள், தேவையற்ற வீடியோவை நிறுத்துங்கள்.

2. சார்ஜ் எதனால் போகிறது? Battery பக்கத்தில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் இருக்கும். திரையில் ஓடிய செயலிதான் மேலே இருக்கிறது என்றால் சேவரால் பெரிதாக எதுவும் ஆகாது, போனைக் கீழே வைப்பதுதான் சேமிப்பு. சிக்னல் கோடுகள் ஒன்றுக்கு இறங்கியிருந்தால் ஏரோப்ளேன் மோட்.

3. முதல் கேள்வியில் சொன்ன வேலை எதுவும் இல்லையா? அப்படியானால் 20 வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 60 சதவீதத்திலேயே சேவரைப் போடுங்கள். கூட்டத்திலோ கல்யாண மண்டபத்திலோ பையில் கிடக்கும் போனுக்கு அது மிகப் பொருத்தம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு மிச்சமாகும். மிச்சமான சார்ஜை வைத்துத்தான் வீடு திரும்பும்போது சேவரை அணைத்துவிட்டு இருப்பிடத்தைப் பகிர முடியும்.